பாட்டின் கட்டையைக் காதால் பிடிப்பது

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போதோ, கல்யாண வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ, பாடுகிறவர் யாரையும் கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பதில்லை. தொண்டைக்கு வசதியான இடத்தில் எடுத்துவிடுவார். பக்கத்தில் கீபோர்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

“எத்தனை கட்டை மாமா?”

“அதெல்லாம் எனக்கு எங்கடா தெரியும். நீ வாசி, நான் பாடறேன்.”

இந்தப் பதிலைக் கேட்டுத் திகைக்கிறவருக்கானது இந்த அத்தியாயம். ராகம், தாளம், மேற்கத்திய இசை எழுத்து எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டு கையில் கிடைத்தால் அது எந்தக் கட்டையில் நிற்கிறது என்பதைக் காதாலும் ஒரு விரலாலும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

ஐந்து ஸ்தாயிக் கீபோர்டு வேண்டுமென்பதில்லை. பழைய ஆர்மோனியம், சிறுவர் கீபோர்டு, கைபேசியில் இறக்கிய பியானோ செயலி, எதுவானாலும் போதும். அதோடு ஒரு இயர்போன், ஒரு நோட்டுப் புத்தகம். இயர்போனை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் அடித்தொனியைச் சரியாகக் கொடுக்காது. சினிமாப் பாட்டில் கட்டையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பேஸ் கிட்டார்தான். அது காதில் விழாவிட்டால் பாதித் துப்பு போய்விடும்.

கீபோர்டில் தேட ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். டிரான்ஸ்போஸ் என்ற பொத்தான் எங்கே நிற்கிறது? திரையில் 0 இருக்க வேண்டும். முன்பு வாசித்தவர் யாருக்காகவோ இரண்டு படி ஏற்றிவைத்து அப்படியே விட்டிருந்தால், நீங்கள் சரியான கட்டையைப் பிடித்தும் தவறான எண்ணைச் சொல்வீர்கள். இரவல் கீபோர்டில் இது அடிக்கடி நடக்கும்.

கட்டைகளுக்குப் பெயர் வைப்பது

கருப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூட்டம் கூட்டமாக இருப்பதைப் பாருங்கள். இரண்டு பேர் கூட்டத்துக்கு இடதுபுறம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் ஒன்று. அங்கிருந்து வலது பக்கமாக வெள்ளைகளை மட்டும் எண்ணினால் ஏழு வரை வரும். பிறகு மறுபடியும் ஒன்று. கருப்புக்குத் தனி எண் கிடையாது. இடதுபுறத்து வெள்ளையின் எண்ணோடு அரையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது நாலரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கருப்பு இல்லை. அதனால் மூன்றரை, ஏழரை என்று யாராவது சொன்னால் மறுபடியும் கேளுங்கள்.

கைபேசியில் டியூனர் செயலி வைத்திருப்பவர்களுக்காக, திரையில் வரும் எழுத்துக்கு எந்தக் கட்டை என்பதை இங்கே தருகிறேன்:

```
1 = C    1½ = C#   2 = D    2½ = D#
3 = E    4  = F    4½ = F#  5  = G
5½ = G#  6  = A    6½ = A#  7  = B
```

சின்ன எச்சரிக்கை ஒன்று. அந்தச் செயலி இந்த நொடியில் ஒலிக்கும் சுரத்தை மட்டுமே காட்டும். பாட்டின் ஆதாரம் எது என்று அது சொல்லாது. பாடகர் மேலே போனால் எழுத்தும் மேலே போகும். ஆகவே செயலியை நான் இரண்டாவது சாட்சியாகத்தான் வைத்துக்கொள்வேன். முதல் சாட்சி காது.

தேட வேண்டியது எதை

ஒரு பாட்டில் ஏழெட்டு சுரங்கள் வந்துபோனாலும், அதில் ஒன்று மட்டும் வீடு. மெட்டு எங்கே சுற்றினாலும் அங்கே வந்தால்தான் முடிந்த உணர்வு வரும். பாடகர்கள் அதை ஆதார சுருதி என்பார்கள். ஸரிகம பாடுகிறவர்களுக்கு அது ஸ. நாட்டுப்புறப் பாட்டானாலும் தேவாலயப் பாட்டானாலும் கானாவானாலும் நீங்கள் தேடுவது அந்த ஒரு சுரம்தான். அதற்கு எந்தக் கட்டை வருகிறதோ அதுவே பாட்டின் கட்டை.

பாட்டு தொடங்கும் சுரம் அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் நிறைய. இல்லை. எத்தனையோ பாட்டுகள் வீட்டுக்கு வெளியே இருந்துதான் கிளம்புகின்றன. முடியும் சுரத்தை நம்புவது அதைவிட மேல். அதிலும் சரணத்தின் முடிவைவிடப் பல்லவியின் முடிவு நம்பகமானது. சரணம் முடிந்ததும் பல்லவிக்கு இழுத்துச்செல்ல வேண்டும் என்பதற்காக அதை வேண்டுமென்றே தொங்கவிட்டிருப்பார்கள்.

ஐந்து படிகள்

1. சரியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்னிசையை விட்டுவிடுங்கள். முன்னிசை வேறு சுருதியில் ஆரம்பித்துப் பாடகர் வரும்போது மாறுவது சினிமாவில் சகஜம். பல்லவி இரண்டாவது முறை பாடி முடியும் இடத்துக்குப் போங்கள்.

2. நிறுத்தி முனகுங்கள். பல்லவி முடிகிற இடத்தில் பாட்டை நிறுத்துங்கள். உடனே வாயை மூடி “ம்ம்” என்று முனகுங்கள். பாட்டை முடித்துவைக்க எந்த சுரம் வேண்டுமென்று தோன்றுகிறதோ அதை யோசிக்காமல் முனகுங்கள். யோசித்தால் கெட்டுவிடும். ஒரு வயதிலிருந்து பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இது தெரியும். அதைக் கட்டையில் வைக்கத்தான் பழக்கம் தேவை.

3. முனகலை ஓரிடத்தில் பூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். முனகிக்கொண்டே கட்டையை அழுத்தினால், குரல் தெரியாமலே அந்தக் கட்டையின் பக்கம் வழுக்கிவிடும். எந்தக் கட்டையை அழுத்தினாலும் “இதுதான் போல” என்று தோன்ற ஆரம்பிக்கும். இதைத் தவிர்க்க முனகலைக் கைபேசியில் ஐந்து நொடி பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அந்தப் பதிவை ஓடவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கீபோர்டின் நடுவிலிருந்து வெள்ளை கருப்பு எதையும் தாண்டாமல் ஒவ்வொன்றாக மேலே போங்கள்.

கட்டை பொருந்தும்போது இரண்டு ஒலியும் ஒன்றாகிவிடும். கிட்டே வந்து பொருந்தாமல் நின்றால் ஒலி அலையும். வாவ்–வாவ் என்று பெருகிக் குறையும். இந்த அலைச்சல்தான் உங்கள் அளவுகோல். வேகமாக அலைந்தால் இன்னும் தொலைவில் இருக்கிறீர்கள், மெதுவாக அலைந்தால் கிட்டே இருக்கிறீர்கள், அலைச்சலே நின்றால் பிடித்துவிட்டீர்கள். ஆர்மோனியத்தில் இது கீபோர்டைவிடத் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஒலி நீடிக்கும். பியானோ ஒலி அடித்ததும் தேய்ந்துவிடும். கீபோர்டில் தேடும்போது ஆர்கன் ஒலியை வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பாடினாலும் ஆண் பாடினாலும், மேல் ஸ்தாயியில் கிடைத்தாலும் கீழ் ஸ்தாயியில் கிடைத்தாலும், எண் மாறாது. நாலரை எங்கே கிடைத்தாலும் நாலரைதான்.

4. பிடித்துக்கொண்டே பாட்டை ஓடவிடுங்கள். கிடைத்த கட்டையை அழுத்திப் பிடித்தபடி பல்லவி, சரணம் முழுவதையும் கேளுங்கள். ஆதாரமாக இருந்தால் அந்த ஒலி பாட்டுக்கு அடியில் படுத்துக்கிடக்கும். நடுவில் சில இடங்களில் உரசினாலும், வரி முடியும்போது திரும்பத் திரும்பச் சேரும். தவறான கட்டையானால், வரி முடிகிற இடத்திலேயே உரசும். வரியின் நடுவில் வரும் உரசலைப் பொருட்படுத்த வேண்டாம். முடிவில் வரும் உரசல்தான் தீர்ப்பு.

5. ஏழாவது கட்டையைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் பிடித்த கட்டையை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததிலிருந்து வலது பக்கமாகக் கருப்பு வெள்ளை எல்லாவற்றையும் எண்ணி ஏழாவதாக வருவதையும் சேர்த்து அழுத்துங்கள். அது ப. தம்பூராவில் ஸ–வுக்குத் துணையாக ஒலிப்பது பெரும்பாலும் அதுதான். இந்த இரண்டும் சேர்ந்து பாட்டுக்கு அடியில் சுகமாக உட்கார்ந்தால் உங்கள் கட்டை சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ப இல்லாத பாட்டுகளும் உண்டு. ‘சலங்கை ஒலி’ படத்தின் ‘ஓம் நமச்சிவாயா’ ஹிந்தோள ராகத்தில் அமைந்தது. அந்த ராகத்தில் ப கிடையாது. அப்படிப்பட்ட பாட்டில் இந்தச் சோதனை ஒட்டாமல் போனால் பயப்பட வேண்டாம், நாலாவது படியை மட்டும் நம்புங்கள்.

எது ஏமாற்றும்

*சுரம் எல்லாம் சரி, வீடு தவறு.* பாட்டின் அத்தனை சுரங்களையும் சரியாக வாசித்துக்கொண்டே தவறான கட்டையைச் சொல்ல முடியும். ஐந்து கருப்புக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். நாலரையைப் பிடித்துக்கொண்டு கருப்புகளில் மட்டும் மேலும் கீழும் போனால் ‘அக்னி நட்சத்திரம்’ படத்தின் ‘நின்னுக்கோரி வரணும்’ பாட்டின் சாயல் காதில் விழும், அது மோகனம். அதே ஐந்து கருப்புகள், ஆனால் இப்போது இரண்டரையைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தின் ‘மாஞ்சோலைக் கிளிதானோ’ பக்கம் போய்விடுவீர்கள். அது சுத்த தன்யாசி. கட்டைகளில் எதுவும் மாறவில்லை, பிடித்துக்கொண்டிருந்த ஒன்று மட்டும் மாறியது. பாட்டின் முகமே மாறிவிட்டது. எந்தெந்தக் கட்டைகள் வருகின்றன என்று பட்டியல் போட்டுக் கட்டையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

*ஸ–வும் ப–வும் மாறுவது.* இரண்டும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். பேஸ் கிட்டார் இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்கும்போது எது எது என்று குழப்பம் வரும். அப்போது ஏழாவது கட்டைச் சோதனையை இரண்டு பேருக்கும் செய்யுங்கள். ப–வை ஸ என்று தவறாக எடுத்திருந்தால், அதிலிருந்து ஏழாவது கட்டை பல பாட்டுகளில் மெட்டோடு ஒட்டாமல் உதைக்கும்.

*ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல்.* திருவிழாப் பதிவுகளில் பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் “ங்ங்ங்” என்ற ஒலி கேட்டிருப்பீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதன் இரைச்சல் பெரும்பாலும் 50 அல்லது 100 அதிர்வாக மைக் செட்டில் கசியும். கீழ் ஸ்தாயி ஐந்து கட்டைக்கு 98 அதிர்வு. ஆக இந்த இரைச்சல் ஐந்துக்குச் சற்று மேலே நின்று, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், சுருதிப்பெட்டி போலக் காதை இழுக்கும். ஜெனரேட்டரில் ஓடினால் சுமை ஏறி இறங்க இரைச்சலும் மேலே கீழே ஆடும். சோதிப்பது எளிது. பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கிய பிறகும் அந்த ஒலி அதே இடத்தில் நிற்கிறதா? நின்றால் அது ஆம்ப்ளிஃபயர்.

*உடுக்கை.* அம்மன் பாட்டில் உடுக்கையின் ஒலி சுரம் மாதிரித் தோன்றும். இடைக்கயிற்றை அழுத்தும் அளவுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். அதை வைத்துக் கட்டை பிடிக்கக் கூடாது. நாதஸ்வரம் கேட்டால் கதை வேறு. ஒத்து அல்லது சுருதிப்பெட்டி விடாமல் ஒலித்துக்கொண்டிருக்குமே, அதை நேராகவே எடுத்துக்கொள்ளலாம். தேடுகிற வேலையே மிச்சம்.

*இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும் பாட்டு.* பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுகளில் இது வரும். டேப் ஓடிய வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மொத்தப் பாட்டும் நகர்ந்துவிடும். எப்படித் தெரியும்? பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளோடும் ஒரே மாதிரி அலையும்; எதோடும் அடங்காது. கீபோர்டில் டியூனிங் வசதி இருந்தால் அதை மெல்ல நகர்த்தி அலைச்சலை நிறுத்துங்கள். ஆர்மோனியத்தில் அது முடியாது. எது கிட்டே இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு, பக்கத்தில் “கொஞ்சம் மேல்” அல்லது “கொஞ்சம் கீழ்” என்று குறித்துவிடுங்கள்.

*குறிப்பு:* இணையத்தில் கிடைக்கும் ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இரண்டு கட்டையில் இருக்கலாம். யாரோ வேகத்தை மாற்றி ஏற்றியிருப்பார்கள். மேடைக்குத் தயாராகிறவர் பாடகர் எந்தப் பதிவைக் கேட்டுப் பழகினார் என்று கேட்டுவிட்டு அதில் தேடுவது நல்லது.

வலை இழுக்கும் பாட்டு: ஒரு தேடல் முழுவதுமாக

இப்போது கருவியே இல்லாத ஒரு பாட்டை எடுப்போம். கரையில் நின்று வலைக் கயிற்றை இழுக்கும்போது ஒருவர் வரி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து “ஐலசா” என்று பதில் கொடுக்கும் பாட்டு. அடியில் பேஸ் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, அலை இரைச்சல் மட்டும் உண்டு. இரண்டு நிமிடப் பதிவு ஒன்று உங்கள் கைபேசியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வரி சொல்கிறவரை முதலில் கவனிக்காதீர்கள். அவர் சொற்களை இழுத்தும் வளைத்தும் பாடுவார், எந்த சுரத்திலும் நிலைத்து நிற்கமாட்டார். கூட்டத்தின் பதிலைக் கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது ஒரே இடத்தில்தான் விழும். கயிற்றை இழுக்கும் விசையும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

1. “ஐ–ல–சா” மூன்று அசை. மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டை தேடுங்கள். நமக்குக் கிடைப்பது இப்படி: “ஐ” நாலரையில், “ல” ஒன்றரையில், “சா” இரண்டரையில்.

2. இப்போது வரி சொல்கிறவரிடம் திரும்பிப் போங்கள். அவர் ஆறரையில் எடுத்து, ஐந்தரையைத் தொட்டு, நாலரைக்கு இறங்கிக் கூட்டத்திடம் கொடுத்துவிடுகிறார். ஆக வந்தவை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஐந்தும் கருப்பு.

3. இதைப் பார்த்ததும் “கருப்பு எல்லாம் வருகிறது, அப்படியானால் நாலரைக் கட்டை” என்று முடிவு கட்டத் தோன்றும். கை பழகியவர்களுக்குத்தான் இந்த அவசரம் அதிகம். பொறுங்கள். நமக்கு மூன்று பேர் மேல் சந்தேகம்: வரி ஆரம்பிக்கும் ஆறரை, வரியைக் கைமாற்றும் நாலரை, கூட்டம் வந்து விழும் இரண்டரை.

4. ஆறரையைச் சோதியுங்கள். அதிலிருந்து ஏழாவது கட்டை நான்கு. அது வெள்ளை, பாட்டில் எங்குமே வரவில்லை. அழுத்தினால் ஒவ்வொரு “ஐ” மேலும் உரசுகிறது, ஏனென்றால் “ஐ” நிற்பது அதை ஒட்டிய நாலரையில். ஆறரையை விட்டுவிடலாம்.

5. நாலரையின் ஏழாவது கட்டை ஒன்றரை. அது பாட்டில் இருக்கிறது, ஒட்டுகிறது. இரண்டரையின் ஏழாவது கட்டை ஆறரை. அதுவும் இருக்கிறது, ஒட்டுகிறது. ஏழாவது கட்டைச் சோதனை இங்கே கைவிரித்துவிடும். இரண்டு பேரும் தேர்ச்சி.

6. ஆகவே முன்பு சொன்ன ஐந்து படிகளில் நாலாவதற்குத் திரும்புங்கள். நாலரையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு சுற்று கேளுங்கள். “சா” வந்து விழும்போது இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் இன்னும் ஏதோ வர வேண்டியதுபோல் நிற்கும். இப்போது இரண்டரையைப் பிடியுங்கள். ஒவ்வொரு “சா”வும் அதில் மறைந்துபோகிறது. சந்தேகம் இன்னும் இருந்தால் பதிவை “ல” என்ற அசையில் நிறுத்திவிட்டு மீதியை நீங்களே முனகுங்கள். வாய் தானாக இரண்டரைக்குத்தான் ஏறும்.

கட்டை இரண்டரை.

வேலை இதோடு முடியவில்லை. பதிவின் கடைசி அரை நிமிடத்தை எடுத்து “சா”வை மறுபடியும் தேடுங்கள். அது மூன்றாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கருவித் துணையில்லாமல் பாடும் கூட்டம் வேகம் கூடக்கூட மெல்ல மேலே ஏறுவதுண்டு. களைத்துப்போனால் கீழே சரிவதும் உண்டு. இது உங்கள் காதின் பிழை அல்ல. ஆனால் எந்த இடத்தில் தேடினீர்கள் என்பதைக் குறிக்காமல் விட்டால், நேற்று இரண்டரை என்றீர்கள், இன்று மூன்று என்கிறீர்கள் என்று நீங்களே உங்கள்மேல் சந்தேகப்படுவீர்கள். முதல் மூன்று சுற்றில் கிடைத்ததைத்தான் பாட்டின் கட்டையாக எழுத வேண்டும். முடிவில் கிடைத்ததைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ஏறிப்போகும் பாட்டுக்குக் கீபோர்டு வாசிப்பதென்றால், ஆரம்பத்திலிருந்தே கட்டையைக் காதில் விழும்படி பிடித்துக்கொண்டிருங்கள். பிடிமானம் இருந்தால் கூட்டம் அவ்வளவாக நகராது. பாதியில் புகுந்தால், அப்போது கூட்டம் நிற்கும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

காதுக்கும் கைக்கும் பாதுகாப்பு

ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வேலை இது. கேட்கக் கேட்கச் சத்தத்தைக் கூட்டத் தோன்றும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். கைபேசியில் அளவு அறுபது சதவீதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டை பிடிக்கச் சத்தம் உதவாது. அலைச்சல் குறைந்த சத்தத்தில்தான் நன்றாகக் கேட்கும். காதில் ரீங்காரம் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அந்த ரீங்காரமும் ஒரு சுரம், உங்கள் தேடலை அது கெடுக்கும்.

திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்று தேடாதீர்கள். பக்கவாட்டில் தள்ளிப்போய் நின்று பதிவு செய்துகொண்டு வீட்டில் தேடுவது உத்தமம். வலை இழுக்கும் கயிற்றுக்கு அருகிலோ, படகு ஏற்றி இறக்கும் இடத்திலோ இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு நிற்கவே கூடாது; கத்திக் கூப்பிட்டால் கேட்காது. ஈரக் கையோடு அடாப்டரைச் செருகாதீர்கள். உப்புக்காற்றில் பிளக் முனை பச்சை பூத்திருந்தால் துடைத்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

கிடைத்த கட்டையைப் பாடகருக்குப் பொருத்துவது

பதிவில் இருக்கும் கட்டை, பதிவில் பாடியவருக்கானது. உங்கள் பாடகருக்கு அது எட்டாமல் போகலாம். கர்நாடகக் கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் ஐந்து முதல் ஆறு வரையிலும் பாடுவதைப் பார்க்கலாம். ஆகவே பெண் குரலில் ஐந்தரையில் கேட்ட பாட்டை ஒரு ஆண் அதே கட்டையில் எடுத்தால், மேலே போகும்போது கத்துவார் அல்லது கீழே இறங்கும்போது குரல் காணாமல் போகும்.

1. பாடகரைப் பாட்டின் மிக உயரமான வரியை முதலில் பாடச் சொல்லுங்கள். எடுப்பைப் பாடச் சொன்னால் எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கும்; சரணத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

2. அந்த வரியைச் சிரமமில்லாமல் பாடும் இடத்தில், பல்லவி முடிவு வரை பாடவைத்து, முன்பு செய்தது போலவே அவருடைய வீட்டு சுரத்தைத் தேடுங்கள்.

3. பதிவின் கட்டையிலிருந்து இவருடைய கட்டைக்குப் போகக் கருப்பு வெள்ளை சேர்த்து எத்தனை கட்டை நகர வேண்டும் என்று எண்ணுங்கள். பதிவு இரண்டரை, இவர் ஒன்றரை என்றால் இரண்டு இறக்கம். டிரான்ஸ்போஸை −2–ல் வைத்துவிட்டால் பழகிய விரல்களாலேயே வாசிக்கலாம். முடிந்ததும் 0–வுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அடுத்து வாசிப்பவர் உங்களைத் திட்டாமல் இருக்க.

4. நோட்டில் ஒரு பாட்டுக்கு ஒரு வரி: பாட்டின் முதல் சொல், பதிவின் கட்டை, பாடகரின் கட்டை, எடுப்பு விழும் கட்டை. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மேடையில் பாடகர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் அதைக் கேட்கத்தான். வலைப் பாட்டுக்கு அந்த வரி இப்படி இருக்கும்: ஐலசா – 2½ – 1½ – எடுப்பு 5½.